பவுடர் கோட்டிங் கதவு ஆறுகிற கணக்கு: லாமினாரா, டர்புலன்ட்டா?

கணபதி பட்டறை

வணக்கமுங்க. கோயமுத்தூர் கணபதியில் சின்னதாக ஒரு பவுடர் கோட்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். பேனல் போர்டு கதவுகள்தான் அதிகம் வரும். 2 மி.மீ. இரும்புத் தகடு, 1200க்கு 600. அடுப்பிலிருந்து 180 டிகிரியில் வெளியே வருகிறது, 60க்கு இறங்கினால்தான் பசங்கள் கையுறை போட்டுக்கொண்டு எடுத்துச் சுற்ற முடியும். நீளவாக்கில் தொங்கவிட்டு, ஒரு பக்கத்திலிருந்து பெரிய ஃபேன் வைத்து, காற்று தகட்டை ஒட்டி ஓடுகிற மாதிரி அடிக்கிறோம்.

புதிதாக ஒரு கன்வேயர் போடலாம் என்று யோசனை. எத்தனை கொக்கிக்கு இடம் விட வேண்டும் என்பது ஆறுகிற நேரத்தைப் பொறுத்தது. சரி, படித்தது மறந்துபோயிருக்கும், இருந்தாலும் கணக்குப் போட்டுப் பார்க்கலாம் என்று உட்கார்ந்தேன்.

காற்று வேகம் 6 மீ/விநாடி, அனிமோமீட்டர் வைத்து அளந்தது. காற்று 34 டிகிரி, தகடு சராசரியாக 120. இரண்டுக்கும் நடுவே 77 டிகிரி, அதாவது 350 கெல்வின். அந்த வெப்பத்துக்கான காற்றின் குணங்களை அட்டவணையிலிருந்து எடுத்துப் போட்டேன்.

```
Re = 6 × 1.2 / 20.92e-6 = 344000
Nu = 0.664 Re^0.5 Pr^(1/3) = 346
h  = 346 × 0.030 / 1.2 = 8.65
```

Re, அதாவது ரெனால்ட்ஸ் எண், 5 லட்சத்துக்குக் கீழே இருப்பதால், காற்று கலங்காமல் அடுக்கடுக்காக ஓடுவதற்கான லாமினார் சூத்திரம். தகட்டிலிருந்து காற்றுக்கு வெப்பம் எவ்வளவு சுலபமாகப் போகிறது என்று காட்டுகிற இந்த h-ஐ வைத்து இரண்டு பக்கமும் ஆறுவதாகப் போட்டால் 180லிருந்து 60க்கு வர பன்னிரண்டரை நிமிடம் ஆகிறது. கடிகாரம் வைத்துப் பார்த்தால் 4 நிமிடம்! மூன்று தடவை பார்த்துவிட்டேன். கணக்கில் எங்கே தப்பு?

மோட்டார்காரர்

தம்பி, 344000 எங்கே, லாமினார் எங்கே. 2300 தாண்டினாலே லாமினார் முடிந்துபோச்சு, 4000க்கு மேல் முழுசா கலங்கி ஓடுற டர்புலன்ட். முப்பது வருஷமா பம்பு டெஸ்ட் பண்ணுகிறேன், 2300க்குக் கீழே ஓடின தண்ணியை நான் பார்த்ததே இல்லை. டர்புலன்ட் சூத்திரம் போடு, சரியா வரும்.

ஈரோட்டுக்காரி

அண்ணா, அந்த 2300 குழாய்க்குள் ஓடுவதற்கு. அங்கே விட்டத்தை வைத்து ரெனால்ட்ஸ் எண் போடுகிறோம், சுவர் நாலா பக்கமும் இருக்கிறது. தகட்டில் நுனியிலிருந்து எவ்வளவு தூரம் காற்று வந்திருக்கிறது என்பதுதான் நீளம். அதனால் எண்ணும் பெரிது, எல்லையும் பெரிது. 5 லட்சம் என்று அவர் எடுத்தது சரிதான்.

ஆனால் 344000 எல்லைக்குக் கொஞ்சம் பக்கத்தில்தான் இருக்கிறது, பின்பாதி டர்புலன்ட் ஆகியிருக்கலாம். இந்த மாதிரி சந்தேகம் வந்தால் கலப்புச் சூத்திரம் போடுவது பாதுகாப்பு. முன்னாடி லாமினார், பின்னாடி டர்புலன்ட், இரண்டையும் சேர்த்தது:

```
Nu = (0.037 Re^0.8 - 871) Pr^(1/3)
```

கணபதி பட்டறை

போட்டுப் பார்த்தேன்மா. Nu 110 வருகிறது, h 2.7. முன்னைவிட மோசம். இப்படிப் பார்த்தால் கதவு ஆற அரை மணி நேரத்துக்கும் மேலே ஆகும்.

மோட்டார்காரர் அண்ணா சொன்ன மாதிரி முழுக்க டர்புலன்ட் போட்டால், அதாவது 871-ஐ எடுத்துவிட்டால், h 22 வருகிறது. நேரம் 4.9 நிமிடம். இது கடிகாரத்துக்குக் கிட்டத்தட்டச் சரி.

மோட்டார்காரர்

சொன்னேன்ல. முடிந்தது கணக்கு.

ஓய்வு வாத்தியார்

முடியவில்லை. விடை பக்கத்தில் வந்து நிற்கிறது, அவ்வளவுதான். வழி தப்பு.

முதலில் ஈரோட்டுப் பெண்ணுக்கு. அந்த 871 எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை உட்கார்ந்து பார்த்தால் இந்தக் குழப்பம் வராது. டர்புலன்ட் சூத்திரத்தை நுனியிலிருந்து முழு நீளத்துக்கும் போட்டுவிட்டு, அதில் முன்பகுதியை வெட்டி எடுத்து, அந்த இடத்தில் லாமினாரை ஒட்டுகிறோம். வெட்டுகிற இடம் ரெனால்ட்ஸ் எண் 5 லட்சம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டதால்தான் 871 என்ற எண் வருகிறது. சரியாக 5 லட்சத்தில் கலப்புச் சூத்திரமும் லாமினார் சூத்திரமும் ஒரே விடை தரும், போட்டுப் பார்க்கலாம்: இரண்டும் 470 பக்கம், பிராண்டில் எண்ணைச் சேர்ப்பதற்கு முன்னால். அதற்குக் கீழே போனால், இல்லாத நீளத்தை வெட்டிக் கழிக்கிறீர்கள். 344000க்கு அதைப் போடுவது, ஆறு முழத் துணியில் எட்டு முழம் கிழிக்கிற கதை. விடை லாமினாரைவிடக் கீழே போனால், அதுவே சூத்திரம் தன் எல்லைக்கு வெளியே நிற்கிறது என்பதற்கு அடையாளம். ஆக, கலப்புச் சூத்திரம் பாதுகாப்பு இல்லை. இந்த இடத்தில் அது மூன்றிலும் மோசம்.

அப்புறம் பட்டறைக்காரருக்கு மூன்று கேள்வி. ஒன்று, கதவின் ஓரம் மடக்கியதா, வெறும் தகடா? இரண்டு, அந்த 6 மீட்டரை எங்கே வைத்து அளந்தீர்கள்? மூன்று, 120 டிகிரியில் இருக்கும் பெயிண்ட் அடித்த தகடு காற்றுக்கு மட்டும்தான் வெப்பம் விடுகிறதா?

பல்லடம் சோலார்

இதே சந்தேகம் எனக்கும் ரொம்ப நாளா இருக்குங்க. பல்லடத்தில் கூரை மேல் சோலார் பேனல். ஆடி மாசக் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியா வந்து ஆளையே தள்ளுகிற மாதிரி அடிக்கும், அப்ப பேனல் குளிர்ந்து கரன்ட் கொஞ்சம் கூடுது. பேனல் நீளம் 2 மீட்டர், காற்று 5 மீ/விநாடி என்று வைத்தால் 5 லட்சத்தைத் தாண்டுது. அப்ப கலப்புச் சூத்திரம் போடலாம்தானே?

ஓய்வு வாத்தியார்

பல்லடத்துக்காரரே, கணக்குப்படி போடலாம். ஆனால் ஆடிக் காற்று ஒரு சீராக வருகிற காற்றா? பக்கத்துக் கட்டடத்தில் மோதி, மரத்தில் சிக்கி, விட்டு விட்டு வருகிறது. அத்தோடு பேனலைச் சுற்றி அலுமினியச் சட்டம் தூக்கிக்கொண்டு நிற்கும். அந்தக் காற்று பேனலின் முன்பாதியில் அடக்கமாக லாமினாராக ஓடும் என்று எதிர்பார்க்க முடியாது. நுனியிலிருந்தே டர்புலன்ட் என்று வைப்பதுதான் பொருந்தும். அதுவும் பேனல் சாய்ந்து நிற்பதால் தகட்டுச் சூத்திரம் ஒரு தோராயம்தான். தனியாகப் பேச வேண்டிய விஷயம் அது.

கணபதி பட்டறை

வாத்தியாரே, ஓரம் நாலு பக்கமும் 20 மி.மீ. மடக்கியது, பேனல் கதவு என்றாலே அப்படித்தான். காற்று முதலில் அந்த மடிப்பில்தான் மோதுகிறது. 6 மீட்டர் காற்று நுழைகிற நுனியில் அளந்தது. நீங்கள் கேட்டதும் போய் மறு நுனியிலும் அளந்தேன், அங்கே 4.5தான்.

மூன்றாவது கேள்விக்கு அசடு வழிகிறேன். கதிர்வீச்சை மறந்தே போனேன்.

ஓய்வு வாத்தியார்

எல்லாரும் மறக்கிறதுதான். காற்றின் வேகம் குறைவான கணக்கில் அது ஓரத்தில் கிடக்கிற விஷயம் இல்லை. பவுடர் பூசின பரப்பின் உமிழ்திறன் சுமார் 0.9. 120 டிகிரித் தகடு, 34 டிகிரிச் சுற்றுப்புறம். அதை h மாதிரி எழுதினால் 8.9 வருகிறது. உங்கள் லாமினார் h 8.65. அதாவது ஃபேன் எடுக்கிற அளவு வெப்பத்தைக் கதவு சும்மா நின்றே விட்டுக்கொண்டிருக்கிறது.

இப்போது மறுபடி பாருங்கள். லாமினார், கதிர்வீச்சு இரண்டையும் கூட்டினால் 17.5, நேரம் 6 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல். டர்புலன்ட்டோடு கூட்டினால் 31, நேரம் மூன்றரை நிமிடம். கடிகாரம் சொன்னது 4. மோட்டார்காரர் கணக்கு 4.9 என்று பக்கத்தில் வந்தது, கதிர்வீச்சை விட்டது ஒரு தப்பு, வேகம் கடைசிவரை 6 என்று வைத்தது இன்னொரு தப்பு, இரண்டும் எதிர் எதிர்த் திசையில் இருந்ததால்.

4 நிமிடத்திலிருந்து பின்னோக்கிப் போங்கள். மொத்த h 27, அதில் கதிர்வீச்சு போக காற்றின் பங்கு 18. வேகத்தை 6க்கும் 4.5க்கும் நடுவே 5.2 என்று வைத்தால் முழு டர்புலன்ட் சூத்திரம் 19.7 தருகிறது, லாமினார் 8 தருகிறது. 18 எந்தப் பக்கம் நிற்கிறது என்று சொல்ல வாத்தியார் தேவையில்லை.

ஈரோட்டுக்காரி

சார், ஆனால் ரெனால்ட்ஸ் எண் 5 லட்சத்தை எட்டவே இல்லையே. வேகம் குறைவதைச் சேர்த்தால் இன்னும் கீழே போகிறது. எப்படி நுனியிலிருந்தே டர்புலன்ட் ஆகும்?

ஓய்வு வாத்தியார்

5 லட்சம் என்பது வாய்க்கால் மதகு இல்லைம்மா, அங்கே வந்ததும் திறந்துகொள்ள. மெல்லிய கூர்நுனி, வழவழப்பான தகடு, அமைதியான காற்று, இதெல்லாம் சேர்ந்தால் எடுத்துக்கொள்கிற ஒரு வசதியான எண். நிஜத்தில் 1 லட்சத்திலும் மாறியிருக்கிறது, ரொம்பக் கவனமாகக் காற்றை அமைதிப்படுத்தினால் 30 லட்சம் வரைகூட லாமினாராகவே போயிருக்கிறது. எண்ணைப் பார்த்து மட்டும் முடிவு செய்யக் கூடாது. காற்று எப்படி வருகிறது, நுனி எப்படி இருக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும்.

இங்கே இரண்டுமே மோசம். ஃபேன் காற்று சுழன்று சுழன்று வருகிறது. நுனியில் 20 மி.மீ. சுவர் மாதிரி மடிப்பு. காற்று அதில் மோதி, மூலையில் தகட்டை விட்டு விலகி, கொஞ்ச தூரம் தள்ளி வந்து மறுபடி ஒட்டுகிறது. ஒட்டும்போது அது லாமினாராக இருக்காது. ஆய்வுக்கூடத்தில் வேண்டுமென்றே நுனியில் கம்பி ஒட்டி டர்புலன்ட் ஆக்குவார்கள். உங்களுக்கு அதை மடக்குகிற மெஷினே செய்து கொடுத்துவிட்டது.

நம்பவில்லை என்றால் நூல் ஒட்டிப் பாருங்கள்.

கணபதி பட்டறை

ஒட்டிப் பார்த்தாச்சு. திருப்பூர்க்கார மச்சானிடம் பனியன் நூல் ஒரு கோன் இருந்தது. ஆறின கதவில் இரண்டு விரல் நீளத்துக்கு வெட்டி, டேப்பால் ஒரு நுனியை மட்டும் ஒட்டி ஃபேனைப் போட்டோம். மடிப்பிலிருந்து நாலைந்து விரக்கடை வரைக்கும் நூல் காற்றுக்கு எதிர்ப்பக்கமாகப் படுத்துத் துள்ளுகிறது! பசங்கள் ஃபேனைத் திருப்பி வைத்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டார்கள். அதைத் தாண்டினால் காற்றோடு போகிறது, ஆனால் ஒரு நொடி சும்மா இருப்பதில்லை, வால் மாதிரி அடித்துக்கொண்டே இருக்கிறது.

அப்படியே இன்னொன்றும் செய்தேன். மடக்காத வெறும் தகடு, அதே அளவு, அதே பவுடர், அடுப்பிலிருந்து எடுத்து அதே இடத்தில் தொங்கவிட்டேன். 60க்கு வர 5 நிமிடம் 10 விநாடி.

மோட்டார்காரர்

மடிப்பு போனதும் ஒரு நிமிஷத்துக்கு மேலே கூடுதா? இது எனக்குப் புதுசு. குழாயில் நுழைகிற இடத்தை நாங்க உருட்டி வழவழன்னு விடுவோம், உள்ளே காற்று, தண்ணி விலகக் கூடாதுன்னு. இங்கே விலகினா நல்லதா?

ஓய்வு வாத்தியார்

உங்களுக்குப் பிரஷர் நஷ்டம்தான் கவலை, இவருக்கு வெப்பம் போனால் போதும். விலகி ஒட்டுகிற இடத்தில் வெப்பம் நன்றாகவே போகும். ஃபேன் தள்ளுகிற வேலை கூடும், அதைப் பற்றி இவர் கேட்கவில்லை.

ஈரோட்டுக்காரி

வெறும் தகட்டுக்கு நான் கணக்குப் போட்டேன். 310 விநாடி என்றால் மொத்த h 21, கதிர்வீச்சு போக காற்றுக்கு 12. லாமினாருக்கு மேலே, டர்புலன்ட்டுக்குக் கீழே. 871-ஐ அப்படியே எடுக்காமல், மாறுகிற இடத்தைத் தெரியாததாக வைத்துக் கலப்புச் சூத்திரத்தை மறுபடி எழுதினேன்:

```
Nu = [0.664 Rc^0.5 + 0.037 (Re^0.8 - Rc^0.8)] Pr^(1/3)
```

h 12 வர வேண்டுமென்றால் Rc சுமார் 2.55 லட்சம். அதாவது நுனியிலிருந்து 89 செ.மீ. வரை லாமினார், அப்புறம் டர்புலன்ட். சரிதானே சார்?

ஓய்வு வாத்தியார்

எழுதின விதம் சரி. இதைத்தான் முதலிலேயே செய்திருக்க வேண்டும். ஆனால் தெரியாதது ஒன்று, அளந்தது ஒன்று என்றால் எந்த எண்ணும் பொருந்திவிடும். வேகத்தைக் கடைசிவரை 6 என்று வைத்திருக்கிறாய். 5.2 வைத்தால் மாறுகிற இடம் முன்னால் நகரும். அது போக, ஃபேன் காற்றின் கலக்கம் லாமினார் பகுதியிலேயே வெப்பத்தைக் கொஞ்சம் கூட்டியிருக்கலாம், மாற்றமே நடக்காமல்கூட இருக்கலாம்.

இதைப் பிரிக்க ஒரு வழி இருக்கிறது. லாமினாராகவே போனால் நுனியில் வேகமாக ஆறும், உள்ளே போகப் போக மெதுவாகும், கடைசி ஓரம்தான் எல்லாவற்றையும்விடச் சூடாக இருக்க வேண்டும். நடுவில் டர்புலன்ட் ஆனால், அந்த இடத்துக்குப் பின்னால் தகடு மறுபடி சீக்கிரம் ஆறும். 2 மி.மீ. தகட்டில் இரண்டு நிமிடத்துக்குள் வெப்பம் பக்கவாட்டில் ஒரு நாலு செ.மீ.தான் பரவும், அதனால் தடம் அழியாது. துப்பாக்கி மாதிரி இருக்குமே அந்தத் தெர்மாமீட்டர், அதை வைத்து 2 நிமிடத்தில் நீளவாக்கில் நாலு இடம் படியுங்கள்.

கணபதி பட்டறை

படித்தேன். வெறும் தகடு, சரியாக 2 நிமிடம் கழித்து, நடு உயரத்தில். நுனியிலிருந்து 10 செ.மீ.யில் 103, 40ல் 115, 80ல் 112, 110ல் 105. இரண்டு தடவை பார்த்தேன், ஒன்றிரண்டு டிகிரி முன்னே பின்னே, ஆனால் ஏறி இறங்குவது மாறவில்லை.

ஈரோட்டுக்காரி

அப்ப மாறுகிறது! ஆனால் 80லேயே இறங்க ஆரம்பித்துவிட்டது. என் 89 தப்பு.

ஓய்வு வாத்தியார்

மாறுகிறது என்பது நிச்சயம். காற்று வேகம் குறைகிற பக்கத்தில் தகடு அதிகமாகக் குளிர்கிறது என்றால் வேறு காரணம் சொல்ல முடியாது. 40க்கும் 80க்கும் நடுவில் எங்கோ ஆரம்பிக்கிறது. ஒரு கோடு போட்டு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்று மாறாது, ஒரு நீளத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாக மாறும். சூத்திரம்தான் அதை ஒரே புள்ளியாக எடுத்துக்கொள்கிறது.

மோட்டார்காரர்

வேறு காரணம் நான் சொல்றேன். கடைசி ஓரத்தில் விளிம்பு வழியாவும் வெப்பம் போகும், கொக்கி வழியாவும் போகும். 110ல் படிச்சா ஓரத்திலிருந்து 10 செ.மீ.தான்.

ஓய்வு வாத்தியார்

2 மி.மீ. விளிம்பில் எவ்வளவு போகும்? நாலு செ.மீ. பரவல் என்று சொன்னேன், 10 செ.மீ.க்கு அது எட்டாது. கொக்கி எங்கே மாட்டியிருக்கிறார் என்று தெரியாது, அதைக் கேட்டது நியாயம்.

கணபதி பட்டறை

கொக்கி இரண்டு, ஓரத்திலிருந்து 15 செ.மீ. உள்ளே, மேல் விளிம்பில். படித்தது நடு உயரத்தில், 30 செ.மீ. கீழே.

மோட்டார்காரர்

அப்ப கொக்கி இல்லை. ஆனா இன்னும் முழுசா ஒத்துக்க மாட்டேன், ஃபேனைக் கொஞ்சம் திருப்பி வைத்து ஒரு தடவை படிங்க.

கணபதி பட்டறை

அது அடுத்த வாரம் அண்ணா, ஆர்டர் நிற்கிறது. எனக்கு வருகிறது எல்லாம் மடக்கின கதவுதான். அதற்கு h 18 என்று எடுத்து, 4 நிமிடத்துக்குக் கொஞ்சம் கூட்டி நாலரை நிமிடத்துக்குக் கொக்கி எண்ணிக்கை போடப் போகிறேன். கன்வேயரில் கதவுகள் 20 செ.மீ. இடைவெளியில் முகத்துக்கு முகம் பார்த்து வரிசையாக வரும், ஃபேன் பக்கத்திலிருந்து.

ஓய்வு வாத்தியார்

நில்லுங்கள். முகத்துக்கு முகமா? அப்படியென்றால் கதவு பார்ப்பது 34 டிகிரிச் சுவரை இல்லை, தன்னைப் போலவே சூடான பக்கத்துக் கதவை. கதிர்வீச்சு 8.9 என்று கூட்டினோமே, அதில் பெரும்பங்கு போய்விடும். முழுசாகப் போனால் காற்றின் 18 மட்டும்தான் மிச்சம், நேரம் 6 நிமிடம். நீங்கள் அளந்த 4 நிமிடம் தனியாகத் தொங்கின கதவுக்கு.

இடுக்கில் காற்று 6 மீட்டரில் நுழையுமா என்பதும் தெரியாது, சுற்றிப் போகத்தான் பார்க்கும்.

கணபதி பட்டறை

இதை நான் யோசிக்கவே இல்லைங்க. கன்வேயர்காரருக்கு அட்வான்ஸ் கொடுக்கவில்லை, நல்லவேளை. நாளைக்கு மூன்று கதவை 20 செ.மீ. விட்டுத் தொங்கவிட்டு, நடுக் கதவை மட்டும் படிக்கிறேன்.

மோட்டார்காரர்

இடுக்கில் அனிமோமீட்டரை விட்டு வேகத்தையும் பார்த்துக்க. அது குழாய் மாதிரிதான், இப்பவாவது என் பேச்சைக் கேளு.